நட்சத்திரத்துக்குக் கீழே உள்ள நான்கு வரிகள்

ஏசியின் முகப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் கண்ணில் முதலில் படுபவை நட்சத்திரங்கள். கரண்ட் பில் எவ்வளவு வரும் என்பதைச் சொல்பவையோ அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நான்கு வரிகள்: குளிரூட்டும் திறன், ஐசீர் எண், ஆண்டு யூனிட், லேபிள் காலம். இப்போதெல்லாம் ஏசியை நேரில் பார்ப்பதற்கு முன்பே அதன் படம் வந்துவிடுகிறது. ஷோரூமில் ஒருவர் எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம், ஆன்லைன் கடையின் படம், பழைய ஏசி விற்பவர் அனுப்பிய படம் என்று எதுவானாலும், இந்த நான்கு வரிகளும் படிக்கும்படி இருந்தால் இரண்டு ஏசிகளின் ஓட்டச் செலவை வீட்டில் உட்கார்ந்தபடியே ஒப்பிட்டுவிடலாம். படம் எடுப்பவர் ஃபிளாஷை அணைத்துவிட்டு, லேபிளுக்கு நேர் எதிரே நின்று, அது மட்டும் திரையை நிரப்பும்படி எடுத்தால் போதும். சாய்வாக எடுத்த படத்தில் பிளாஸ்டிக்கின் பளபளப்பு சரியாக எண்களின் மேல்தான் விழும்.

லேபிளை வழங்குவது மத்திய மின்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள எரிசக்தித் திறன் பணியகம். 2006-இல் தொடங்கிய திட்டம் இது. அறை ஏசிகளுக்கு 2010 முதல் கட்டாயமானது. 2018 ஜனவரியிலிருந்து இன்வெர்ட்டர் ஏசி, சாதாரண ஏசி இரண்டையும் ஒரே அளவுகோலில் அளக்கிறார்கள். அந்த அளவுகோல்தான் ஐசீர்.

முதல் வரி குளிரூட்டும் திறன். இது வாட்டில் இருக்கும். கடையில் ‘ஒன்றரை டன்’ என்று சொல்வதன் உண்மையான அளவு இதுவே. ஒரு டன் என்பது ஏசியின் எடையல்ல. ஐஸ் கட்டி விற்ற காலத்து மிச்சம். ஏறக்குறைய 907 கிலோ ஐஸ் ஒரு நாள் முழுக்க உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்தைத்தான் ஒரு டன் குளிர்ச்சி என்றார்கள். அது 3,517 வாட்டுக்குச் சமம். அந்தக் கணக்கில் ஒன்றரை டன் என்றால் 5,275 வாட் இருக்க வேண்டும். ஆனால் 4,800 வாட் ஏசியும் ஒன்றரை டன் என்றே விற்கப்படுகிறது, 5,200 வாட் ஏசியும் ஒன்றரை டன் என்றே விற்கப்படுகிறது. டன் கணக்கு ஒரு பேச்சு வழக்கு. வாட் கணக்கு சோதித்து எழுதியது. இன்வெர்ட்டர் ஏசியில் 100 சதவீதத் திறன், 50 சதவீதத் திறன் என்று இரண்டு எண்கள் இருந்தால், ஒப்பீட்டுக்கு வேண்டியது 100 சதவீதம்.

இரண்டாவது வரியில் ISEER என்ற ஐந்து எழுத்துகளும் பக்கத்தில் 3.85, 5.20 போன்ற ஓர் எண்ணும் இருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்தைத் தின்று அறைக்குள் இருந்து எத்தனை யூனிட் வெப்பத்தை அந்த ஏசி வெளியே தள்ளுகிறது என்பதே அந்த எண். ஒன்று கொடுத்து ஐந்து வாங்குவது எப்படி என்று தோன்றலாம். ஏசி குளிர்ச்சியை ‘உற்பத்தி’ செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் மோட்டார் நீரை உண்டாக்காததுபோலத்தான் இதுவும். இறைக்கும் வேலைக்கு மட்டுமே மின்சாரம் செலவாகிறது.

இந்த எண்ணின் முக்கியமான குணம், அது ஒரு பருவம் முழுமைக்குமான சராசரி என்பது. இந்தியாவின் பல நகரங்களின் வானிலையை வைத்து, வெளியே 24 டிகிரியிலிருந்து 43 டிகிரி வரை ஒவ்வொரு டிகிரியிலும் எவ்வளவு நேரம் ஏசி ஓடும் என்று ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். மொத்தம் 1,600 மணி நேரம். அதில் பெரும்பகுதி 24 முதல் 32 டிகிரிக்குள் வருகிறது. 40-ஐத் தாண்டும் நேரம் மிகக் குறைவு. எனவே ஏசி பெரும்பாலும் முழு மூச்சில் ஓடுவதில்லை, அரை மூச்சில்தான் ஓடுகிறது. கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரிந்த இன்வெர்ட்டர் ஏசிகள் இந்த அளவுகோலில் முந்துவதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது வரி ஆண்டு மின்செலவு. லேபிளில் `Units Per Year` என்று இருக்கும். அந்த ‘ஆண்டு’ 365 நாளல்ல, மேலே சொன்ன 1,600 மணி நேரம். இரவு எட்டு மணி நேரம் வீதம் போட்டால் 200 இரவுகள். இதை மனதில் வைத்துக்கொள்ளாமல் அந்த எண்ணைப் பன்னிரண்டால் வகுத்து ‘மாதத்துக்கு இவ்வளவு’ என்று சொல்வதுதான் பரவலாக நடக்கும் பிழை. கோடையில் அது குறைவாகக் காட்டும், மார்கழியில் அதிகமாகக் காட்டும். 1,600-ஆல் வகுத்து மணிக்கு எவ்வளவு என்று கண்டுகொள்வதே சரி.

மேற்சொன்ன மூன்று எண்களுக்கும் இடையே ஓர் உறவு இருக்கிறது. படத்தில் பார்த்துப் படிக்கிறவருக்கு அது பெரிய கைக்கருவி. லேபிள் கணக்கின் 1,600 மணி நேரத்தில் ஏசி செய்யும் வேலையை முழுத் திறனில் ஓடிய நேரமாக மாற்றினால் ஏறக்குறைய 775 மணி வருகிறது. ஆகவே:

```
ஆண்டு யூனிட் = கிலோவாட் × 775 ÷ ஐசீர்
```

ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருக்கும். ஆனாலும் படத்தில் ஓர் எண் பளபளப்பில் மறைந்திருந்தால் மற்ற இரண்டை வைத்து அதை மீட்டுவிடலாம். ஒரு படத்தில் திறன் 4,800 வாட் என்றும் ஆண்டு மின்செலவு 966 யூனிட் என்றும் தெளிவாகத் தெரிகிறது, ஐசீர் மட்டும் 3-க்குப் பிறகு கலங்கி 5-இல் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 3.35-ஆ, 3.65-ஆ, 3.85-ஆ? 4.8-ஐ 775-ஆல் பெருக்கினால் 3,720. அதை 966-ஆல் வகுத்தால் 3.85. நடுவில் இருப்பது எட்டுதான். கணக்கு ஒன்றிரண்டு சதவீதத்துக்கு மேல் பிசகினால் எண்ணைத் தவறாகப் படித்திருக்க வேண்டும், அல்லது படத்தில் இருப்பது இரண்டு வேறு மாடல்களின் தகவல். ஆன்லைன் கடைகளின் படங்களில் இந்த இரண்டாவது சங்கதி நிறையவே நடக்கிறது. ஒரே வரிசையில் வரும் ஒரு டன், ஒன்றரை டன், இரண்டு டன் ஏசிகள் மூன்றுக்கும் ஒரே லேபிள் படத்தைப் போட்டிருப்பார்கள். லேபிளில் உள்ள மாடல் எண், விற்பனைப் பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணோடு கடைசி எழுத்து வரை பொருந்துகிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். பொருந்தாவிட்டால் பணியகத்தின் ‘பி.இ.இ. ஸ்டார் லேபிள்’ என்ற செயலியில் மாடலைத் தேடினால் பதிவான எண்கள் கிடைக்கும்.

நான்காவது வரியை யாரும் படிப்பதில்லை. அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். `Label Period` என்று எழுதி இரண்டு தேதிகள் போட்டிருக்கும். எந்த அட்டவணையை வைத்து நட்சத்திரம் கொடுத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. பரீட்சையில் தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்துவதுபோல, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணியகம் அட்டவணையை இறுக்குகிறது. 2018 அட்டவணையில் ஸ்பிளிட் ஏசிக்கு 4.50 ஐசீர் இருந்தால் ஐந்து நட்சத்திரம். 2022 ஜூலையில் வந்த அட்டவணையில் ஐந்துக்கு 5.00 வேண்டும், 4.40 முதல் 4.99 வரை நான்குதான். அதாவது 2021-இல் ஐந்து நட்சத்திரத்தோடு வாங்கிய ஒரு 4.55 ஐசீர் ஏசி, ஒரு ஸ்குரூகூட மாறாமல், அடுத்த ஆண்டு நான்கு நட்சத்திர ஏசி ஆகிவிட்டது. 3.60 ஐசீர் உள்ளது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. 2026 ஜனவரியில் அட்டவணை மீண்டும் ஒருமுறை இறுக்கப்பட்டது. ஆகவே பழைய ஏசி விற்பவர் ‘ஃபைவ் ஸ்டார்’ என்று சொன்னால் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை, எந்த வருடத்து ஃபைவ் ஸ்டார் என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். பழைய இருப்பைத் தள்ளுபடியில் விற்கும் கடைக்கும் இதே கேள்வி பொருந்தும். ஐசீர் எண் மட்டும் 2018-லிருந்து அதே அளவையில் வருவதால், வெவ்வேறு காலத்து லேபிள்களை நட்சத்திரத்தை மறந்துவிட்டு ஐசீரை வைத்து நேரடியாக ஒப்பிடலாம்.

இதற்கு முந்தைய லேபிள்களில் பெரும்பாலும் ஐசீர் இருக்காது, ஈ.ஈ.ஆர் என்ற வேறோர் எண் இருக்கும். வெளியே 35 டிகிரி இருக்கும்போது முழு மூச்சில் ஓடும் ஏசியை ஒரே ஒரு முறை அளந்த எண் அது. அதையும் ஐசீரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, ஓட்டப்பந்தயத்தில் நூறு மீட்டர் நேரத்தையும் மாரத்தான் நேரத்தையும் ஒப்பிடுவதுபோல. அதேபோல விண்டோ ஏசிக்குத் தனி அட்டவணை உண்டு, அதில் வரம்புகள் தாழ்வு. ஐந்து நட்சத்திர விண்டோ ஏசி, மூன்று நட்சத்திர ஸ்பிளிட்டைவிட அதிகக் கரண்ட் இழுப்பது சாதாரணம்.

இனி ஒரு கணக்கு. ஷோரூமிலிருந்து இரண்டு படங்கள் வந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றரை டன் ஸ்பிளிட், ஒரே லேபிள் காலம். முதல் படத்தில் மூன்று நட்சத்திரம், 4,800 வாட், ஐசீர் 3.85, ஆண்டுக்கு 966 யூனிட். இரண்டாவதில் ஐந்து நட்சத்திரம், 5,000 வாட், ஐசீர் 5.20, ஆண்டுக்கு 745 யூனிட். கழித்துப் பார்த்தால் வித்தியாசம் 221 யூனிட்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. லேபிளின் யூனிட் கணக்கு, ஒவ்வொரு ஏசியும் அதனதன் திறனுக்கேற்ற அறையில் ஓடுவதாக வைத்துப் போடப்பட்டது. 5,000 வாட் ஏசி கொஞ்சம் பெரிய வேலையைச் செய்ததாகக் கணக்கு. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே அறை. எந்த ஏசியை மாட்டினாலும் வெளியே தள்ள வேண்டிய வெப்பம் ஒன்றுதான். அந்த வேலையை 4,800 வாட்டுக்குரிய 3,720 யூனிட் வெப்பம் என்று வைத்தால், முதல் ஏசிக்கு 966 யூனிட் கரண்ட் ஆகும், இரண்டாவதற்கு 3,720-ஐ 5.20-ஆல் வகுத்து 715 யூனிட்தான் ஆகும். உண்மையான வித்தியாசம் 251. எதிர்ப்பக்கமாகவும் இது வேலை செய்யும்: திறன் குறைந்த ஏசி, ஐசீர் சுமாராக இருந்தாலும், ஆண்டு யூனிட் வரியில் சிக்கனமானதுபோல் தெரியும். அந்த வரியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

யூனிட்டை ரூபாயாக மாற்றும்போது அடுத்த தவறு நடக்கிறது. பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரி விலையால் பெருக்குவார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விலையில் வருகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை கட்டணப்படி 400 யூனிட் வரை பெரும்பாலும் ₹4.80, 401 முதல் 500 வரை ₹6.45, 501 முதல் 600 வரை ₹8.55, 601 முதல் 800 வரை ₹9.65. ஃபேன், ஃபிரிட்ஜ், லைட் எல்லாம் கீழ்ப்படிகளை ஏற்கெனவே நிரப்பிவிடுகின்றன. ஏசி கடைசியாக வந்து உட்காரும் விருந்தாளி. அதன் இலைக்கு விழுவது மேல்படியின் விலை.

ஏசி இல்லாமல் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் இரவு எட்டு மணி நேரம் ஏசி போட்டால் சுமார் 480 மணி நேரம் ஆகும். லேபிள் ஆண்டில் பத்தில் மூன்று பங்கு. முதல் ஏசிக்கு 290 யூனிட், இரண்டாவதற்கு 215 யூனிட். மீட்டரில் மொத்தம் 670 அல்லது 595. வித்தியாசமான 75 யூனிட்டில் ஐந்து ₹8.55 படியிலும் மீதி எழுபது ₹9.65 படியிலும் விழுகின்றன. ஒரு பில்லில் சுமார் ₹718. ₹5 சராசரி என்று போட்டிருந்தால் ₹375 என்று வந்திருக்கும், கிட்டத்தட்டப் பாதி. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழே 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகை விலையும் போய்விடுகிறது. ஐநூறின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு நல்ல ஐசீர் எண் அந்த வகையிலும் கொஞ்சம் மிச்சப்படுத்தும்.

ஐந்து நட்சத்திர ஏசி ₹9,000 அதிகம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓட்டுகிற வீட்டில் 251 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு ₹9 என்றால் சுமார் ₹2,260. நான்கு ஆண்டில் கூடுதல் விலை திரும்பி வந்துவிடும். அதே ஏசியை விருந்தினர் அறையில் மாட்டி ஆண்டுக்கு 600 மணி நேரம் மட்டும் ஓட்டினால் மிச்சம் 94 யூனிட், ஏறக்குறைய ₹850. பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். அதற்குள் ஏசியே மாறிவிடலாம். அப்படிப்பட்ட அறைக்கு மூன்று நட்சத்திரம் வாங்குவது கஞ்சத்தனமல்ல, கணக்கு. கடைக்காரர் எண்ணிக் காட்டும் நட்சத்திரங்களைவிட, வாங்குபவர் எண்ண வேண்டிய மணிநேரமே இங்கே தீர்மானிக்கிறது.

லேபிளின் எண்கள் சோதனைக்கூடத்தில் பிறந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோதனையில் அறைக்குள் 27 டிகிரி. வீட்டில் 24-இல் வைத்தால் செலவு ஏறும், 20-இல் வைத்தால் இன்னும் ஏறும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரி முதல் விற்கும் ஏசிகள் ஆன் செய்ததும் 24-இல் நிற்க வேண்டும் என்று விதித்ததும் இதனால்தான். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் ஏசியின் வேலையில் ஒரு பகுதி காற்றிலிருந்து நீரைப் பிழிவதற்கே போய்விடும். ஆனால் இந்தக் கூடுதல் செலவு இரண்டு ஏசிகளையும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் பாதிக்கும். எனவே ‘எது குறைவு’ என்ற கேள்விக்கு லேபிள் நம்பகமான சாட்சி, ‘சரியாக எவ்வளவு வரும்’ என்ற கேள்விக்கு அல்ல. ஒரு விதிவிலக்கு உண்டு. மொட்டை மாடிக்குக் கீழே, மேற்கு வெயில் அடிக்கும் சின்ன அறையில், மே மாதப் பிற்பகலில் ஏசி முழு மூச்சிலேயே ஓடிக்கொண்டிருந்தால், அரை மூச்சில் கிடைக்கும் இன்வெர்ட்டரின் லாபம் குறைந்து, இரண்டுக்கும் இடையேயான இடைவெளி லேபிள் காட்டுவதைவிடச் சுருங்கும்.

பழைய ஏசி வாங்கும்போது அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் இருக்கும் தகட்டைப் படமெடுத்து ‘லேபிள் இதுதான்’ என்று அனுப்புவதும் உண்டு. அதில் ஆம்பியர், வோல்ட், கேஸ் வகை, அதிகபட்ச மின்சாரம் எல்லாம் இருக்கும். எலெக்ட்ரீஷியன் ஒயரும் பிரேக்கரும் முடிவு செய்வதற்கான தகவல் அது. ஓட்டச் செலவைச் சொல்லாது. ஸ்டார் லேபிள் கிழிந்துபோயிருந்தால் அந்தத் தகட்டிலிருந்து மாடல் எண்ணை எடுத்துச் செயலியில் தேடலாம், அந்த அளவுக்கு உதவும்.

பழைய ஏசியின் லேபிள், அது பெட்டியைப் பிரித்த நாளில் இருந்த நிலையைத்தான் சொல்கிறது. வாங்கி மாட்டியபின் ஓர் இரவு மீட்டரைப் பார்த்தால் இன்றைய நிலை தெரியும். படுக்கும்முன் ஒரு ரீடிங், எட்டு மணி நேரம் கழித்து ஒரு ரீடிங். ஏசி போடாத இரவொன்றில் அதே நேரத்துக்கு ஓடியதைக் கழித்துவிட வேண்டும். 966 யூனிட் லேபிள் என்றால் மணிக்கு சுமார் 0.6 யூனிட், எட்டு மணிக்கு ஐந்து யூனிட் பக்கம். அறை பெரிது, ரிமோட் 22-இல் இருக்கிறது என்றால் ஆறு, ஆறரை வரலாம். அறையும் அதே அளவு, ரிமோட்டும் 25-இல் இருக்க, ஒன்பது யூனிட் ஓடியிருந்தால், அவுட்டோர் யூனிட்டின் கம்பிவலையில் தூசி அடைத்திருக்க வேண்டும், அல்லது கேஸ் குறைந்திருக்க வேண்டும்.